கல்யாண ஆல்பத்துக்கு ஒரே லிங்க்: படங்களைச் சேர்ப்பது, இடத்தைக் கணக்கிடுவது, வேண்டாததை எடுப்பது

மேடையில் நடப்பதை ஸ்டூடியோக்காரர் எடுத்துவிடுவார். சமையல்கட்டில் பெரியப்பா கரண்டி பிடித்தது, வேனில் வந்தவர்கள் பாடிக்கொண்டே வந்தது, பின்வரிசையில் சம்பந்திகள் இருவரும் தலைசேர்த்துச் சிரித்தது எல்லாம் விருந்தினரின் போனில்தான் இருக்கும். அவை வழக்கமாக நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களில் சிதறி, அளவில் சுருங்கி, சில மாதங்களில் தேடினாலும் கிடைக்காமல் போகின்றன. ஒரே லிங்க் கொடுத்து எல்லோரையும் ஓர் இடத்தில் போடவைப்பது இதற்கு நல்ல வழி. லிங்க் உருவாக்க ஐந்து நிமிடம் போதும். இடம் நிரம்பாமல் பார்ப்பதும், போடக்கூடாத படம் ஊர் முழுக்கத் தெரியாமல் பார்ப்பதும்தான் வேலை. இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி அவற்றைப் பற்றியது.

நம் ஊர்க் கல்யாணத்துக்கு நான் கூகுள் போட்டோஸையே சொல்வேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் கையில் ஆண்ட்ராய்டு போன், அதில் ஏற்கெனவே ஒரு ஜிமெயில் கணக்கு. படம் போட அந்தக் கணக்கு வேண்டும். பார்ப்பதற்கு மட்டும் என்றால் லிங்க் போதும். ஐபோனில் இருக்கும் ஐகிளவுட் ஷேர்டு ஆல்பம் இதற்கு ஒத்துவராது. ஆண்ட்ராய்டுக்காரர்கள் அதில் பார்க்கத்தான் முடியும், போட முடியாது. அதோடு படத்தின் நீளப் பக்கத்தை 2048 பிக்சலாகக் குறைத்துவிடும்.

முதலில் கல்யாணத்துக்கென்று தனிக் கணக்கு

மாப்பிள்ளையின் சொந்த ஜிமெயிலில் ஆல்பத்தைத் தொடங்க வேண்டாம். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடத்தை மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்குபோட்டுக்கொள்கின்றன. அது நிரம்பினால் படம் ஏறாது என்பதோடு நிற்காது, மெயில் வருவதும் நின்றுபோகும். மண்டபக்காரரின் ரசீதும் விமான டிக்கெட்டும் வரவேண்டிய வாரத்தில் அது நடக்கக் கூடாது.

தனிக் கணக்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. அடுத்தவர் போட்ட படத்தை ஆல்பத்திலிருந்து எடுக்கும் உரிமை ஆல்பத்தின் சொந்தக்காரருக்கு மட்டுமே. கல்யாணத்தன்று மணமக்கள் போனைத் தொடப்போவதில்லை. எனவே நம்பகமான இருவர், எடுத்துக்காட்டாகப் பெண் வீட்டில் ஒரு சித்தி மகள், மாப்பிள்ளை வீட்டில் ஓர் அத்தை மகன், இந்தக் கணக்கைத் தங்கள் போனில் சேர்த்து வைத்திருக்க வேண்டும். சொந்தக் கணக்கின் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்க முடியாது, கல்யாணக் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுக்கலாம்.

இதை ஒரு வாரம் முன்பே செய்துவிடுங்கள். புதுப் போனில் நுழையும்போது கூகுள் சரிபார்ப்புக் கேட்கும், அந்த எண்ணோ அறிவிப்போ வேறொருவர் போனுக்குப் போகும். முகூர்த்த நேரத்தில் அவரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. இன்னொன்றையும் கவனியுங்கள். கணக்கைச் சேர்த்ததும் அந்தக் கணக்குக்கு `Backup` அணைந்திருக்கிறதா என்று இருவர் போனிலும் பாருங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் அத்தை மகனின் சொந்தப் படங்கள் எல்லாம் கல்யாணக் கணக்கில் ஏறி, இடத்தையும் தின்னும், அவருக்கும் சங்கடம்.

ஆல்பமும் அதன் அமைப்புகளும்

கல்யாணக் கணக்கில் நுழைந்து புது ஆல்பம் ஒன்றை உருவாக்கி, பெயர் வைத்து, நீங்களே ஒரு படத்தைப் போடுங்கள். பத்திரிகையின் படம் வேண்டாம். அதில் வீட்டு முகவரியும் போன் எண்களும் இருக்கும். பிறகு ஆல்பத்தின் `Options` பக்கத்தில் `Link sharing`, `Collaborate` இரண்டையும் போட்டுவிடுங்கள். `Comments & likes` வேண்டாம் என்பது என் கருத்து. படங்களைப் பார்த்துக்கொள்வதே இருவருக்குப் போதுமான வேலை, கருத்துகளையும் சேர்த்துக் காவல் காக்க முடியாது.

அதே பக்கத்தில் படம் எடுத்த இடத்தைப் பகிர்வதற்கான அமைப்பும் இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். நலங்கு, பந்தக்கால் படங்கள் வீட்டில் எடுத்தவை. அவற்றோடு வீடு இருக்கும் இடமும் போக வேண்டியதில்லை.

இப்போது லிங்கை எடுத்தால் இப்படி இருக்கும்:

```
https://photos.app.goo.gl/...
```

இதைக் குரோமில் திறந்து, பகிரும் மெனுவில் `Create QR Code` கொடுத்தால் கியூஆர் படம் வந்துவிடும். இலவசமாகக் கியூஆர் செய்து தரும் தளங்களைத் தவிர்ப்பது நல்லது. அவற்றில் பல, உங்கள் லிங்குக்குப் பதிலாகத் தங்கள் லிங்கைக் கியூஆரில் வைத்து அங்கிருந்து திருப்பிவிடுகின்றன. இலவசக் காலம் முடிந்தால் நீங்கள் அச்சடித்த எல்லாச் சீட்டும் வீண். ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் முகவரி மேலே உள்ளபடியோ `https://photos.google.com/` என்றோ தொடங்கினால் சரி, வேறு ஏதாவது பெயரில் தொடங்கினால் அதை அச்சுக்குக் கொடுக்காதீர்கள். அச்சடித்த பிறகு `Link sharing` பொத்தானைத் தொடவே வேண்டாம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன், இந்தக் குடும்பத்தோடு சம்பந்தமில்லாத கணக்குள்ள ஓர் ஆண்ட்ராய்டு போன், ஒரு ஐபோன் இரண்டிலும் ஸ்கேன் செய்து, ஆல்பத்தில் சேர்ந்து, ஒரு படம் போட்டுப் பாருங்கள். கல்யாணக் கணக்கு உள்ள போனிலேயே சோதித்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும், அதனால் பயனில்லை.

லிங்கை எங்கே வைப்பது

மேடைக்கு அருகில் பெரிய பலகையாக வைப்பதுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் அங்கே யாரும் நின்று படம் ஏற்றப்போவதில்லை. மண்டபத்தில் ஐந்நூறு பேர் ஒரே டவரைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது நெட்டும் ஊர்ந்துதான் போகும். தாம்பூலப் பைக்குள் ஒரு சிறிய சீட்டாகப் போடுவது மேல். வீட்டுக்குப் போய்த் தேங்காயை எடுக்கும்போது சீட்டு கண்ணில் படும், அப்போது கையில் போனும் இருக்கும், நேரமும் இருக்கும். சீட்டில் கியூஆர் 3 செ.மீ. அகலம் இருந்தால் போதும். பலகையும் வைக்கிறீர்கள் என்றால், எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும். ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்பார்கள் என்றால் 15 செ.மீ.

மறுநாள் காலை குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அதே லிங்கை ஒரு செய்தியோடு அனுப்புங்கள். செய்தியில் விதிகளையும் சொல்லிவிட வேண்டும். இப்படி:

"அன்புச் சொந்தங்களுக்கு வணக்கம். நீங்கள் எடுத்த கல்யாணப் படங்களை இந்த லிங்கில் போடுங்கள். உங்கள் போனில் எடுத்த படங்களை மட்டும் போட்டால் போதும், வாட்ஸ்அப்பில் வந்தவை வேண்டாம். வீடியோ ஒரு நிமிடத்துக்குள் இருக்கட்டும், நீளமானது இருந்தால் தம்பியிடம் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறோம். மணமகள் அறை, பந்தி, மொய் எழுதும் இடம் ஆகியவற்றின் படங்கள் வேண்டாம். உங்கள் படம் ஏதாவது இருக்க வேண்டாம் என்று தோன்றினால் சொல்லுங்கள், உடனே எடுத்துவிடுகிறோம். வரும் ஞாயிறு வரை போடலாம்."

கடைசி நாள் ஒன்று இருப்பது அவசியம். "எப்போது வேண்டுமானாலும் போடலாம்" என்றால் யாரும் போட மாட்டார்கள்.

இடக் கணக்கு

படம் யாருடைய இடத்தைப் பிடிக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். விருந்தினர் ஆல்பத்தில் போடும் படம் அவருடைய கணக்கின் இடத்தில்தான் இருக்கிறது. அதை உங்கள் நூலகத்துக்குச் சேமித்தால் அப்போது உங்கள் 15 ஜிபியிலிருந்து குறையும்.

இதனால் இரண்டு விளைவுகள். முதலாவது, விருந்தினரின் இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அவரால் போட முடியாது. "எவ்வளவு நேரம் ஆனாலும் சுத்திக்கிட்டே இருக்கு" என்று ஒருவர் சொன்னால், நெட்டைக் குறைசொல்லும் முன் அவருடைய கூகுள் கணக்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வருஷக்கணக்காக 'குட் மார்னிங்' படங்கள் ஏறிய பெரியவர்களின் போனில் இது சகஜம். அவரைப் பழைய படங்களை அழிக்கச் சொல்லாதீர்கள், பதற்றத்தில் வேறு எதையாவது அழித்துவிடுவார். படங்களை வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்கி, நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். டாக்குமென்ட்டாக அனுப்பினால் படம் சுருங்காது, எடுத்த நேரமும் படத்தோடு வரும்.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. விருந்தினர் தன் போட்டோஸிலிருந்து அந்தப் படத்தை அழித்தால் ஆல்பத்திலிருந்தும் அது போய்விடும். அவர் ஆல்பத்தை விட்டு விலகினாலும் அப்படியே. ஆறு மாதம் கழித்து இடம் போதவில்லை என்று மாமா தன் போனைச் சுத்தம் செய்தால், உங்கள் ஆல்பத்தில் அவர் எடுத்த தாலி கட்டும் படம் காணாமல் போகும். ஆகவே ஆல்பம் என்பது படங்கள் வந்து சேரும் இடம்தான், அவை நிரந்தரமாக இருக்கும் இடம் அல்ல.

வந்த எல்லாவற்றையும் கல்யாணக் கணக்கின் நூலகத்தில் சேமித்தால் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 பேர் ஆளுக்கு 15 படம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 900 படம். 12 மெகாபிக்சல் போன் படம் ஒன்று சராசரியாக 4 எம்பி என்றால் மொத்தம் 3.6 ஜிபி. பயப்பட ஒன்றுமில்லை. ஓர் ஆல்பத்தில் 20,000 படங்கள் வரை போகலாம், அந்த எல்லையையும் தொடப்போவதில்லை.

வீடியோ சேர்ந்ததும் கதை மாறும். சாதாரண 1080பி வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி பிடிக்கும். இரண்டு நிமிட வீடியோ 40 வந்தாலே 10.4 ஜிபி. படங்களோடு சேர்ந்து 14 ஜிபி ஆகிவிட்டது. இதற்கு மேல் ஒரு பையன் ஐபோனில் 4கே, 60 பிரேமில் நாதஸ்வரக் கச்சேரியை ஐந்து நிமிடம் எடுத்துப் போட்டால், அது மட்டும் 2 ஜிபி. மொத்தம் 16, நம்மிடம் இருப்பது 15. செய்தியில் வீடியோவை ஒரு நிமிடத்துக்குள் நிறுத்தச் சொன்னது இதற்காகத்தான். அந்த ஒரு வரியிலேயே 10.4 ஜிபி பாதியாகிவிடும்.

அப்படியும் மிஞ்சினால், எல்லாவற்றையும் நூலகத்தில் சேமிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கணினியில் ஆல்பத்தைத் திறந்து மூன்று புள்ளி மெனுவில் `Download all` கொடுத்தால், உங்கள் இடத்தைத் தொடாமல் நேராக ஹார்ட் டிஸ்க்குக்கு எடுக்கலாம்.

படத்தின் தரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விருந்தினரின் கணக்கில் `Storage saver` என்று இருந்தால் படம் கொஞ்சம் அழுத்தப்படும். ஆனால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டவற்றைத்தான் அது சிறிதாக்குகிறது. 12 மெகாபிக்சல் படம் 4000க்கு 3000 பிக்சலாகவே வந்து சேரும், 13 அங்குல அகலத்துக்குத் தெளிவாக அச்சடிக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் நீளப் பக்கத்தில் சுமார் 1600 பிக்சல்தான், 5 அங்குலத்தைத் தாண்டினால் மங்கும். அதில் எடுத்த நேரமும் அழிந்திருப்பதால் ஆல்பத்தின் வரிசையும் குலையும், ஊஞ்சல் படம் சாந்திமுகூர்த்த நாளில் போய் நிற்கும்.

அப்படிப்பட்ட படத்தைக் கோப்புப் பெயரிலேயே கண்டுபிடிக்கலாம். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் படத்தின் பெயர் இப்படி இருக்கும்:

```
IMG-20250212-WA0007.jpg
```

`WA` என்று பார்த்ததும் எடுத்தவர் யார் என்று விசாரித்து மூலப்படத்தைக் கேளுங்கள். ஒரே படம் ஐந்து பேர் வழியாக ஐந்து முறை வருவதும் பெரும்பாலும் இப்படித்தான்.

வேண்டாத படங்கள்

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: கூகுள் போட்டோஸ் ஆல்பத்தில் முன்அனுமதி என்ற ஏற்பாடு கிடையாது. ஒருவர் போட்டதும் லிங்க் உள்ள எல்லோருக்கும் தெரிந்துவிடும். நாம் பார்த்து எடுப்பது அதற்குப் பிறகுதான். லிங்க் இருந்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால், குடும்பக் குழுவிலிருந்து அது எங்கே போகும் என்று சொல்லவும் முடியாது.

ஆகவே கல்யாண நாளிலும் மறுநாளிலும் இருவரும் முறைவைத்து, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஆல்பத்தைத் திருத்தும் பக்கத்தில் வரிசையை `Recently added` என்று மாற்றிவைத்தால் புதிதாக வந்தவை ஓர் ஓரத்தில் கூடும், முழுவதையும் உருட்டத் தேவையில்லை. வேலை முடிந்ததும் `Oldest first` என்று மாற்றினால் பந்தக்காலிலிருந்து மறுவீடு வரை வரிசையாக வரும்.

எதை எடுப்பது? மொய் நோட்டின் பக்கம் தெரியும் படத்தை யோசிக்காமல் எடுங்கள். யார் எவ்வளவு எழுதினார் என்பது ஊருக்குத் தெரிவதால் வரும் மனக்கசப்பு எளிதில் தீராது. பதிவுக்காக வைத்த ஆதார் நகல், விண்ணப்பத்தாள், நகைப் பெட்டி, பத்திரிகை, வண்டி எண் பெரிதாகத் தெரிவது ஆகியவையும் அப்படியே. பின்னணியில் தெரிவதைத்தான் பார்க்க வேண்டும், முன்னால் இருப்பவர் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்.

அடுத்து மனிதர்கள். மணமகள் அறையில் புடவை மாற்றும்போது, கூந்தல் அலங்காரத்தின்போது எடுத்தவை, எடுத்தவர் தோழியாகவே இருந்தாலும், மணமகள் சரி என்று சொன்னால் மட்டுமே இருக்கலாம். இளம்பெண்களைத் தனியாக, அவர்களுக்குத் தெரியாமல், நெருக்கிப் பிடித்து எடுத்த படங்கள் ஒரே ஆளிடமிருந்து தொடர்ந்து வந்தால் அது கல்யாணப் படம் அல்ல. படத்தைத் திறந்து விவரத்தைப் பார்த்தால் போட்டவர் யார் என்று தெரியும். பெரியவர் ஒருவர் நேரில் பேசட்டும். அந்த ஆளை ஆல்பத்திலிருந்து நீக்கினால் அவர் போட்ட எல்லாப் படமும் சேர்ந்து போய்விடும். நல்ல படங்களும் இருந்தால் முன்னதாக இறக்கிவைத்துக்கொண்டு நீக்குங்கள். குழந்தைகள் படத்தில் பெற்றோர் சொல்வதுதான் முடிவு, காரணம் கேட்க வேண்டியதில்லை.

ஒருவர் "என் படத்தை எடுத்துவிடு" என்றால் உடனே எடுத்துவிட வேண்டும். "நல்லாத்தானே இருக்கு அத்தை" என்று சமாதானம் சொல்வது தவறு. இழவு முடிந்து ஒரு வருஷம் ஆகாத வீட்டிலிருந்து வந்தவர், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியோடு ஒரே படத்தில் நிற்பவர் என்று நமக்குத் தெரியாத காரணங்கள் எத்தனையோ.

வரவேற்பில் எல்இடி திரையில் விருந்தினர் படங்களை ஓடவிட ஆசைப்படுபவர்கள், எல்லோரும் போடும் ஆல்பத்தைத் திரையில் இணைக்கவே கூடாது. இன்னொரு ஆல்பம் வைத்து, அதில் `Collaborate` அணைத்து, பார்த்துத் தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் அதில் சேர்த்து அதை ஓடவிடுங்கள்.

முன்அனுமதி கட்டாயம் வேண்டும் என்றால்

சில வீடுகளில், பார்த்த பிறகுதான் வெளியே தெரிய வேண்டும் என்பார்கள். நியாயமான விருப்பம்தான். அதற்குக் கூகுள் ஃபார்ம் உதவும். கல்யாணக் கணக்கில் ஒரு ஃபார்ம் திறந்து, `File upload` வகைக் கேள்வி ஒன்றை வைத்து, அதன் லிங்கை அச்சடித்துக் கொடுங்கள். விருந்தினர் போடும் படங்கள் நேரே உங்கள் டிரைவில் ஒரு ஃபோல்டருக்கு வரும். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது. கோப்புப் பெயரின் முடிவில் போட்டவர் பெயரும் சேர்ந்து வருவது நல்ல வசதி. நீங்கள் பார்த்து, நல்லதை மட்டும் பார்ப்பதற்கான ஆல்பத்தில் சேர்த்து, அந்த லிங்கைப் பிறகு அனுப்பலாம்.

இதில் மூன்று சிரமங்கள். ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 10 கோப்புகள்தான், நிறைய எடுத்தவர் பலமுறை நிரப்ப வேண்டும், அல்லது கேள்விகளைக் கூட்ட வேண்டும். வரும் ஒவ்வொரு படமும் உடனே உங்கள் 15 ஜிபியில் குறையும். மூன்றாவதுதான் பலரைக் கவிழ்ப்பது: ஃபார்ம் மொத்தமாக வாங்கும் அளவு தொடக்கத்தில் 1 ஜிபி என்றே இருக்கும். 4 எம்பி படமாக 250 வந்ததும் ஃபார்ம் வாங்குவதை நிறுத்திவிடும். ஃபார்மின் அமைப்புகளில் அதை முன்பே உயர்த்திவையுங்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மதியம் வரை கொட்டிய படங்கள் திடீரென்று நின்றால், முதலில் அந்த எல்லையைப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், வீடியோவே வேண்டாம், 300 படம் போதும் என்கிற சிறிய கல்யாணத்துக்கு ஃபார்ம் நல்லது. பெரிய கல்யாணத்துக்குத் திறந்த ஆல்பமும் விழிப்பான இருவரும் போதும். மற்றவர் போட்டதைப் பார்த்துத்தான் பலருக்குத் தாங்களும் போட வேண்டும் என்று தோன்றும், ஃபார்மில் அது நடக்காது.

மூடும் வேலை

சொன்ன ஞாயிறுக்கு மேல் இரண்டு நாள் கூடக் கொடுத்துவிட்டு மூடலாம். வரிசை முக்கியம். முதலில் கணினியில் `Download all` கொடுத்து முழு ஆல்பத்தையும் இறக்குங்கள். இறங்கிய ஜிப் கோப்பைப் பிரித்து, உள்ளே இருக்கும் படங்களின் எண்ணிக்கையும் ஆல்பத்தில் காட்டும் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பாதியில் அறுந்த இறக்கம் பார்வைக்கு முழுசாகத்தான் தெரியும். வேறு வேறு வீட்டில் இருக்கும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் அதை வைத்த பிறகு `Collaborate` அணையுங்கள். அச்சு ஆல்பத்துக்கு ஸ்டூடியோவுக்குக் கொடுக்க வேண்டிய படங்களை இந்த இறக்கிய பிரதியிலிருந்து பென் டிரைவில் போட்டுக் கொடுங்கள், லிங்கை அனுப்பாதீர்கள்.

அதன் பின் பாஸ்வேர்டை மாற்றி, உதவிய இருவர் போனிலிருந்தும் கணக்கை எடுத்துவிடலாம். ஆனால் கணக்கை அப்படியே மறந்துவிடாதீர்கள். இரண்டு வருஷம் பயன்படாமல் கிடக்கும் கணக்கைக் கூகுள் நீக்கலாம், உள்ளே இருக்கும் படங்களோடு. 2023 முதல் இதுதான் அவர்கள் விதி. ஒவ்வொரு கல்யாண நாளிலும் அந்தக் கணக்கில் நுழைந்து ஆல்பத்தை ஒருமுறை திறந்து பார்த்தால் போதும்.